மிதக்கும் வட்டிக் கடனுக்கு ‘கேப்’ வாங்குவது எப்படி: இங்கிலாந்தில் சிறு வியாபாரம் செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் கடையோ பெட்ரோல் நிலையமோ கட்டடத்தோடு சேர்த்து வாங்கும் நம்மவர்கள் பலருடைய கடன் ‘பாங்க் ரேட் + இத்தனை சதவீதம்’ என்றுதான் இருக்கும். பாங்க் ஆஃப் இங்கிலாந்து ரேட்டை ஏற்றினால் தவணை ஏறும், அவ்வளவுதான். கேப் என்பது அந்த ஏற்றத்துக்கு ஒரு எல்லை போடும் ஒப்பந்தம். முன்பணமாக ஒரு பிரீமியம் கட்டுகிறீர்கள். ரேட் நீங்கள் தேர்ந்தெடுத்த அளவை, அதாவது ஸ்ட்ரைக்கை, தாண்டினால் தாண்டிய பங்குக்கான பணத்தை எதிர்த்தரப்பு வங்கி உங்களுக்குத் தருகிறது. தாண்டாவிட்டால் ஒன்றும் வராது, நீங்களும் மேற்கொண்டு ஒன்றும் தர வேண்டியதில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் வாங்கும்போது தவறும் இடங்கள் எல்லாம் பெரும்பாலும் வரிசை மாறுவதால் வருபவை. முதலில் விலை கேட்டுவிட்டு, அப்புறம் ஸ்ட்ரைக்கை யோசித்து, கடைசியில் கடன் பத்திரத்தைத் திறந்து பார்ப்பார்கள். சரியான வரிசை அதற்கு நேர் எதிர்.

கணக்கெல்லாம் ஒரே உதாரணத்தில் போடுகிறேன். கடைக்கும் மேல்மாடிக்குமாக 8 லட்சம் பவுண்ட் கடன். ஐந்து வருட ஒப்பந்தம், ஆனால் அசல் 20 வருடத்தில் அடையும் வேகத்தில் குறைகிறது: காலாண்டுக்கு 10,000 பவுண்ட். வட்டி, பாங்க் ரேட்டுக்கு மேல் 2.9 சதவீதம். பாங்க் ரேட் 2025 டிசம்பரில் வந்து நின்ற 3.75 என்று வைத்துக்கொள்வோம், ஆக மொத்தம் 6.65. பிரீமியமாக நான் சொல்லும் தொகைகள் கணக்குக்காக வைத்தவை. சந்தை விலை அன்றாடம் மாறும்.

1. கடன் பத்திரத்தில் எந்த ரேட் என்று எழுதியிருக்கிறது?

கடன் கடிதத்தை எடுத்து, வட்டி பற்றிய பத்தியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மூன்று விதமாக இருக்கலாம். பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் பாங்க் ரேட்; உங்கள் வங்கி தானே அறிவிக்கும் ‘பேஸ் ரேட்’; அல்லது சோனியா. (அரசியல்வாதி இல்லை, லண்டன் வங்கிகள் ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கும் வட்டியின் சராசரி.)

இது ஏன் முதல் படி என்றால், கேப் பார்ப்பது உங்கள் தவணையை அல்ல, ஒரு ரேட்டை. கடன் பாங்க் ரேட்டிலும் கேப் சோனியாவிலும் இருந்தால் இரண்டும் ஒன்றாக நகரும், ஆனால் ஒட்டி நகராது. சோனியா பொதுவாக பாங்க் ரேட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். பாங்க் ரேட் 5.25 ஆக இருந்த காலத்தில் சோனியா 5.20-ஐ ஒட்டி இருந்தது. அதாவது சோனியா கேப்பில் ஸ்ட்ரைக் 4.50 என்றால், உங்கள் கடனைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய 4.55. நம் கடனுக்கு வருடம் நானூறு பவுண்டுக்குள்தான் வித்தியாசம், உயிர் போகாது. ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். வங்கியின் சொந்த பேஸ் ரேட் என்றால் இன்னும் கவனம்: அது பாங்க் ரேட்டை அப்படியே பின்தொடர வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால், வங்கி தன் இஷ்டத்துக்கு ஏற்றும் பங்குக்கு எந்தக் கேப்பும் காப்பு இல்லை.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ரேட் மாறினால் உங்கள் கடனில் அது எந்த நாளில் இருந்து அமலாகிறது? பாங்க் ரேட் கடன்களில் பெரும்பாலும் அறிவித்த அன்றே, அல்லது மறுநாளே. கேப்களிலோ காலாண்டின் முதல் நாள் ரேட்டைப் பிடித்து, அந்தக் காலாண்டு முழுதும் அதையே வைத்துக் கணக்கிடும் வகையும் உண்டு. ஜனவரி ஆரம்பத்தில் பிடித்துவிட்டு பிப்ரவரியில் ரேட் ஏறினால், கடன் உடனே ஏறும், கேப் ஏப்ரலில்தான் விழிக்கும். ரேட் ஏற்கெனவே ஸ்ட்ரைக்குக்கு மேலே இருந்து இன்னும் அரை சதவீதம் ஏறினால், 8 லட்சத்துக்கு அந்த இரண்டு மாத இடைவெளி 650 பவுண்டுக்கு மேல். ரேட் இறங்கும்போது இதே தாமதம் உங்கள் பக்கம் வேலை செய்யும் என்பதும் உண்மைதான், ஆனால் நீங்கள் கேப் வாங்குவது இறங்கும் காலத்துக்காக அல்லவே. தினசரி ரேட்டின் சராசரியில் கணக்கிடும் கேப் கிடைக்குமா என்று கேளுங்கள்.

2. எந்த ரேட்டில் உங்கள் கடை திணறும்?

ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது செய்தி பார்த்து அல்ல, உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து. ரேட் எங்கே போகும் என்று யோசிக்க ஆரம்பித்தால் முடிவே வராது. எங்கே போனால் தாங்காது என்பதற்கு மட்டும் ஒரு திட்டமான எண் இருக்கிறது.

நம் உதாரணக் கடையில் சரக்கு, சம்பளம், மின்சாரம், வரி, வீட்டுச் செலவுக்கு எடுப்பது எல்லாம் போக, கடனுக்கென்று வருடம் 1,05,000 பவுண்ட் ஒதுக்க முடியும் என்று வையுங்கள். முதல் வருடத்தில் அசல் 40,000. சராசரி நிலுவை 7,85,000, அதற்கு 6.65 சதவீத வட்டி சுமார் 52,200. மொத்தம் 92,200. மீதி 12,800 பவுண்ட்தான் மூச்சு விடும் இடம். ரேட் ஒரு சதவீதம் ஏறினால் 7,850 பவுண்ட் கூடும். 12,800-ஐ 7,850-ஆல் வகுத்தால் 1.63. ஆக, பாங்க் ரேட் 5.38-ஐத் தொட்டால் இந்தக் கடை கையிருப்பைத் தின்ன ஆரம்பிக்கிறது. எட்டாத உயரம் என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் 0.1 ஆக இருந்த ரேட் 2023 ஆகஸ்டில் 5.25-இல் நின்றது, இருபது மாதத்தில்.

வருமானம் கடன் செலவைப் போல இத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்று கடன் பத்திரத்தில் நிபந்தனை இருந்தால் அதையும் இதே போல ரேட்டாக மாற்றிப் பாருங்கள். கையில் பணம் இருக்கும்போதே அந்த நிபந்தனை உடைந்துவிடலாம். எந்த எண் கீழே இருக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. கேப்பில் வரும் பணத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, எல்லை 5.38 என்று வந்ததும் 5.25-க்கு ஸ்ட்ரைக் கேட்பது. பிரீமியமும் அதே 12,800-இல் இருந்துதான் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதை ஐந்தாம் படியில் சரிசெய்வோம்.

3. கடனும் கேப்பும் ஒரே பெயரில், எல்இஐ கையில்

நம்மவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இது: கட்டடம் ஒரு கம்பெனியில், வியாபாரம் இன்னொரு கம்பெனியில். கடன் கட்டடக் கம்பெனியின் பெயரில் இருக்கும், ஆனால் கையில் காசு இருப்பது கடைக் கம்பெனியில் என்பதால் கேப்பை அதன் பெயரில் கேட்பார்கள். அப்படி வாங்கினால் கேப் பணம் ஒரு கம்பெனிக்கு வரும், வட்டி இன்னொரு கம்பெனியில் போகும். கணக்காளருக்கும் வரிக்கும் தலைவலி, வங்கியும் அதைக் கடனுக்கான காப்பாக ஏற்காமல் போகலாம். கடன் யார் பெயரிலோ கேப்பும் அவர் பெயரில்.

லிமிடெட் கம்பெனி என்றால், நிதிச் சந்தையில் கம்பெனியை அடையாளம் காட்டும் எல்இஐ என்ற 20 எழுத்து எண் தேவை. அது இல்லாமல் எந்த வங்கியும் டீலைப் பதிவு செய்யாது. சிறிய கட்டணம்தான், ஆனால் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். முன்பு எதற்கோ எடுத்து, காலாவதியாகிக் கிடக்கும் எண்ணை நம்பி டீல் நாளன்று மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. முன்கூட்டியே தேடிப் பார்த்துவிடுங்கள், தேடுவது இலவசம்.

இயக்குநர்கள் இருவர் என்றால், கேப் வாங்கவும் யார் போனில் பேசி ஒப்புக்கொள்ளலாம் என்றும் ஒரு தீர்மானம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி கேட்கும்.

4. எத்தனை வருடம், எந்தத் தொகைக்கு

கேப்பின் தொகை கடனோடு சேர்ந்து இறங்க வேண்டும். நம் உதாரணத்தில் மூன்று வருடத்துக்குக் கேப் வாங்குவதாக வைப்போம். 8 லட்சத்துக்கே மூன்று வருடமும் வாங்கினால், மூன்றாம் வருடக் கடைசியில் கடன் 6,90,000 ஆகியிருக்க, இல்லாத 1,10,000-க்கும் பிரீமியம் கட்டியிருப்பீர்கள். வங்கியிடம் கடன் அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு காலாண்டின் தேதியும் நிலுவையும் அப்படியே கேப்பில் ஏற வேண்டும் என்று சொல்லுங்கள். நம் உதாரணத்தில் 8,00,000-இல் தொடங்கி 6,90,000 வரை 12 காலாண்டுகள், சராசரி 7,45,000.

காலத்தைப் பொறுத்தவரை, கடன் ஐந்து வருடம் என்பதால் கேப்பும் ஐந்து வருடம் வேண்டும் என்றில்லை. தூரத்து வருடங்கள்தான் விலை அதிகம், ஏனென்றால் நாள் போகப் போக ரேட் எங்கும் போகலாம். அசல் அதிகமாக இருக்கும் முதல் மூன்று வருடங்கள்தான் கடைக்கு ஆபத்தான காலம் என்றால் அதற்கு மட்டும் வாங்குவது நியாயம். கட்டடத்தை இரண்டு வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் இரண்டு போதும்.

முழுக் கடனுக்கும் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாதிக்கு வாங்கினால், ரேட் ஸ்ட்ரைக்கைத் தாண்டி ஏறும்போது அந்த ஏற்றத்தில் பாதி மட்டும் உங்களைத் தொடும். பிரீமியம் கட்டவே கஷ்டம் என்றால், ஸ்ட்ரைக்கை எட்டாத உயரத்துக்குத் தள்ளி மலிவாக்குவதைவிட, சரியான ஸ்ட்ரைக்கில் பாதித் தொகைக்கு வாங்குவதையே நான் சொல்வேன். 7-இல் ஸ்ட்ரைக் வைத்த கேப் நம் உதாரணக் கடைக்கு எதற்கு? 5.38-இலேயே அது மூழ்கத் தொடங்கிவிடுகிறது.

5. விலை கேளுங்கள், பிறகு நிஜமான எல்லையைக் கணக்கிடுங்கள்

இப்போதுதான் விலை. ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே அட்டவணைக்கு, இரண்டு மூன்று ஸ்ட்ரைக்கில் கேளுங்கள். காலையில் ஒரு வங்கி, மறுநாள் மாலை இன்னொரு வங்கி என்று வாங்கிய விலைகளை ஒப்பிட முடியாது. நடுவில் சந்தை நகர்ந்திருக்கும். கடன் கொடுத்த வங்கியிடமேதான் வாங்க வேண்டுமா என்றும் கேளுங்கள். சிறு தொகைக்கு வேறு இடத்தில் கிடைப்பது கஷ்டம்தான், இருந்தாலும் கேட்டால் விலையில் அவர்கள் வைத்திருக்கும் லாபம் எவ்வளவு என்ற பேச்சாவது தொடங்கும்.

4.50 ஸ்ட்ரைக்குக்கு 9,600 பவுண்ட், 5.00-க்கு 5,400 என்று சொல்கிறார்கள் என்று வைப்போம். மூன்று வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 3,200, வருடம் 1,800.

4.50-இல் முதல் வருடத்தின் மோசமான நிலை: அசல் 40,000, வட்டி 7.4 சதவீதத்தில் 58,090, பிரீமியத்தின் பங்கு 3,200. மொத்தம் 1,01,290. ஒதுக்கிய 1,05,000-இல் 3,710 மிஞ்சும்.

5.00-இல்: அசல் 40,000, வட்டி 7.9 சதவீதத்தில் 62,015, பிரீமியம் 1,800. மொத்தம் 1,03,815. மிஞ்சுவது 1,185.

இரண்டுமே தாங்கும். ஆனால் ஒரு குளிர்பெட்டி பழுதானால் 1,185 எந்த மூலைக்கு? நான் 4.50 பக்கம்தான் சாய்வேன். இரண்டாம் படியில் சொன்ன 5.25 ஸ்ட்ரைக்கை இதே கணக்கில் போட்டால், பிரீமியத்துக்கு முன்பே வட்டியும் அசலும் 1,03,977 ஆகிவிடும், பிரீமியத்துக்கு மிச்சம் ஆயிரம் பவுண்ட் சொச்சம்தான்.

‘4.50-க்குக் கேப் வாங்கினேன்’ என்பதால் உங்கள் வட்டி 4.50-ஐத் தாண்டாது என்று அர்த்தமில்லை. 4.50, மேலே வங்கியின் 2.9, பிரீமியத்தின் பங்கு சராசரி நிலுவையில் சுமார் 0.43: ஆக உங்கள் நிஜமான எல்லை 7.83. இந்த எண்ணைத்தான் வீட்டில் சொல்ல வேண்டும். அந்த 2.9-ஐ வங்கி பின்னால் மறுபரிசீலனை செய்து 3.5 ஆக்கினால் அதற்கும் கேப்பில் காப்பு கிடையாது.

6. பிரீமியம் இல்லாத ‘பாதுகாப்பு’ வந்தால் நிறுத்துங்கள்

9,600 என்றதும் முகம் மாறுவதைப் பார்த்து, பிரீமியமே இல்லாத ஒன்றை நீட்டுவார்கள். அது பெரும்பாலும் காலர். மேலே ஒரு கேப், கீழே ஒரு தளம். ரேட் தளத்துக்குக் கீழே போனால் வித்தியாசத்தை நீங்கள் வங்கிக்குக் கட்ட வேண்டும். பிரீமியம் இல்லாமல் போகவில்லை, நீங்கள் இன்னொரு வாக்குறுதியை விற்று அதைக் கட்டியிருக்கிறீர்கள்.

2008 அக்டோபர் தொடக்கத்தில் 5 சதவீதமாக இருந்த பாங்க் ரேட் 2009 மார்ச்சில் 0.5-க்கு இறங்கியது. மிதக்கும் வட்டியை நிலையான வட்டியாக மாற்றிக்கொள்ளும் ஸ்வாப்பும் காலரும் வைத்திருந்த சிறு வியாபாரிகள் அதில் பட்ட பாடுதான், 2012-இல் ஒழுங்குமுறை அமைப்பு வங்கிகளைப் பழைய விற்பனைகளை மறுபரிசீலனை செய்ய வைத்ததற்குக் காரணம். விலை கொடுத்துக் கேப் மட்டும் வாங்கியிருந்தவர் அதிகபட்சம் பிரீமியத்தை இழந்தார், குறைந்த ரேட்டின் பலனையும் அனுபவித்தார்.

பிரீமியத்தைத் தவணையாகக் கட்டலாம் என்பது இன்னொரு வகை. வசதிதான். ஆனால் கடனை நடுவில் அடைத்தாலும் மீதித் தவணைகள் பாக்கி நிற்கும், முன்பணம் கட்டிய கேப்பில் இருக்கும் சுதந்திரம் இதில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ‘எந்தச் சூழ்நிலையிலாவது நான் உங்களுக்கு மேற்கொண்டு பணம் தர வேண்டி வருமா?’ பதில் எழுத்தில், ‘இல்லை’ என்று வர வேண்டும்.

7. டீல் நாள்

டீல் போனிலேயே முடியும், பேச்சு பதிவாகும். விலை சில நிமிடங்களுக்குத்தான் நிற்கும், அதனால் எதிரே ஒரு தாளில் ரேட், ஸ்ட்ரைக், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, அட்டவணை, நீங்கள் கொடுக்கத் தயாரான அதிகபட்ச பிரீமியம் ஆறையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள், நீங்கள் ஒவ்வொன்றையும் டிக் செய்யுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் ‘நிறுத்துங்கள், திரும்பக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிடலாம். ‘சரி, டன்’ என்று சொன்ன பிறகு அது ஒப்பந்தம், கையெழுத்து பின்னால் வரும் சடங்குதான்.

பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் ரேட் குழு வருடம் எட்டு முறை கூடுகிறது. அந்த நாட்களில் விலை தாறுமாறாக ஆடும். அவசரம் இல்லாவிட்டால் வேறு நாளில் வாங்குங்கள். ரேட் ஏறப்போகிறது என்று எல்லோரும் பேச ஆரம்பித்த பிறகு வாங்கினால், அந்தப் பேச்சும் விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

உறுதிப் பத்திரம் வந்ததும் அட்டவணையை வரி வரியாகக் கடன் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். அடிக்கடி பிசகுவது தொடக்கத் தேதி: கடனின் வட்டிக் காலாண்டு மாதத்தின் 15-இல் தொடங்க, கேப் 1-ஆம் தேதியில் தொடங்கும். நாள் கணக்கு 365-ஆல் வகுப்பதாக இருக்கிறதா, பணம் வர வேண்டிய கணக்கு எண் சரியா என்பதையும் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே எழுத்தில் சொல்லுங்கள்.

8. ஒவ்வொரு காலாண்டும் நீங்களே கணக்குப் போடுங்கள்

ஐந்தாம் காலாண்டு என்று வையுங்கள்: நிலுவை 7,60,000, பாங்க் ரேட் 5.25, காலாண்டில் 91 நாள். ஸ்ட்ரைக்கைத் தாண்டியது 0.75 சதவீதம்.

```
7,60,000 × 0.75% × 91 ÷ 365 = 1,421.10
```

1,421 பவுண்ட் வரவேண்டும். இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். கடன் வங்கி உங்களிடம் குறைந்த வட்டியை எடுப்பதில்லை, முழு 8.15 சதவீதத்தில் 15,443 பவுண்டை எடுத்துவிடும். கேப் பணம் தனியாக, சில சமயம் சில நாள் கழித்து வரும். கணக்கில் 14,022 மட்டும் வைத்திருந்தால் தவணை திரும்பிவிடும். அந்த இடைவெளிக்குப் பணம் வைத்திருங்கள்.

கடையை விற்றாலோ வேறு வங்கிக்கு மாறினாலோ கேப் உங்களுடையதுதான், நீங்கள் கடன் வங்கிக்கு அதை எழுதிக் கொடுத்திருக்காத வரை. மீதிக் காலத்துக்கு ஏதாவது மதிப்பு இருந்தால் விற்ற வங்கியே திரும்ப வாங்கும், ரேட் ஏறியிருந்தால் கட்டியதைவிட அதிகமாகக்கூட. பலர் கடனை அடைத்ததும் கேப்பை மறந்தே போகிறார்கள். திரும்ப விற்கும் விலையைக் கேட்க ஒரு போன் போதும், ஆனால் கேட்காமல் வங்கி தானாகச் சொல்லாது.

வருடக் கணக்கை முடிக்கும்போது கணக்காளரிடம் பத்திரத்தைக் கொடுங்கள். எஃப்ஆர்எஸ் 102 என்ற கணக்கியல் விதிப்படி கணக்கு எழுதும் கம்பெனி என்றால் கேப்பை அன்றைய மதிப்பில் காட்ட வேண்டும், ரேட் இறங்கிய வருடத்தில் அது நஷ்டமாகத் தெரியும். பணம் எதுவும் வெளியே போகவில்லை, ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்து வேறொரு வங்கி கேள்வி கேட்கும்போது பதில் கையில் இருக்க வேண்டும்.